யாருடைய கருத்தொற்றுமை? சமூக மனநலச் சேவையின் தரச் சுட்டிகளும் டெல்ஃபி முறையும்



ஒரு மாவட்டத்தின் மனநலச் சேவை எப்படி நடக்கிறது என்று கேட்டால் நமக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் எண்ணிக்கையாகவே இருக்கிறது. இத்தனை முகாம்கள், இத்தனை புறநோயாளிகள், இத்தனை பயிற்சிகள். எத்தனை பேர் வந்தார்கள் என்பது பதிவேட்டில் இருக்கிறது. வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது, வராமல் நின்றுபோனவர்களை யாராவது தேடிப் போனார்களா, மருந்து தீர்ந்த மாதத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை. இவற்றை அளக்கத் தக்க வடிவில் சொல்லும் வாக்கியத்தைத்தான் தரச் சுட்டி என்கிறோம். எந்தெந்த வாக்கியங்களை அப்படி எடுத்துக்கொள்வது, அதை யார் முடிவு செய்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மாரடைப்புக்கு வந்தவருக்கு முதல் மணி நேரத்தில் என்ன கொடுக்க வேண்டும் என்பதற்குப் பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. அங்கே தரச் சுட்டி எழுதுவது ஒப்பளவில் எளிது. சமூக மனநலச் சேவையில் ஆய்வுச் சான்று ஒரு பகுதிக்குத்தான் உண்டு. மனச்சிதைவு நோய்க்கு மருந்து தொடர்வது நல்லது என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் வீட்டுக்குச் சென்று பார்க்கும் செவிலியர் எத்தனை நாளுக்கு ஒரு முறை போக வேண்டும், குடும்பத்திடம் எதைச் சொல்லலாம், எதை நோயரின் அனுமதியின்றிச் சொல்லக் கூடாது, வேலைக்குத் திரும்புவதில் மருத்துவமனைக்கு என்ன பொறுப்பு என்பவற்றை ஆய்வு மட்டும் தீர்த்து வைக்காது. அங்கே அனுபவமும் மதிப்பீடும் கலக்கின்றன. ஆகவே அனுபவம் உள்ளவர்களைக் கேட்க வேண்டியிருக்கிறது.

அவர்களை ஒரே அறையில் உட்கார வைத்துக் கேட்டால் என்ன நடக்கும் என்பது இந்த அவையில் பலருக்குத் தெரியும். துறைத்தலைவர் முதலில் பேசுவார். அதற்கு எதிராக யாரும் பேசமாட்டார்கள். சமூகப்பணியாளர் தலையசைப்பார். அழைத்து வரப்பட்ட ஒரு தாய், தன்னைக் கேட்டால் மட்டும் பேசலாம் என்று கடைசி நாற்காலியில் இருப்பார். கூட்டத்தின் முடிவு என்று எழுதப்படுவது முதலில் பேசியவரின் கருத்தாக இருக்கும். இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் டெல்ஃபி முறை பயன்படுகிறது. பங்கேற்பவர்கள் சந்திப்பதில்லை. வினாத்தாளை ஒவ்வொருவரும் தனியே நிரப்புகிறார்கள். குழு முழுவதும் என்ன சொன்னது என்பதைப் பெயர் சொல்லாமல் திருப்பிக் காட்டி, அடுத்த சுற்றில் தம் மதிப்பெண்ணை மாற்றிக்கொள்ளவோ அப்படியே வைத்துக்கொள்ளவோ வாய்ப்புத் தருகிறார்கள்.

இந்த முறை பிறந்த இடம் மருத்துவம் அல்ல. அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனத்தில் நார்மன் டால்கி, ஓலாஃப் ஹெல்மர் இருவரும் 1951ஆம் ஆண்டில் ஏழு வல்லுநர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். சோவியத் போர்த்திட்ட வகுப்பாளரின் இடத்தில் இருந்து பார்த்தால், அமெரிக்காவின் ஆயுத உற்பத்தியைக் குறிப்பிட்ட அளவுக்குக் குறைக்க எத்தனை அணுகுண்டுகள் வேண்டும்? முதலில் வந்த விடைகள் 50 முதல் 5000 வரை விரிந்திருந்தன. ஐந்து வினாத்தாள்களுக்குப் பிறகு அவை 167 முதல் 360 வரை சுருங்கின. இராணுவ இரகசியம் என்பதால் 1963இல்தான் இது கட்டுரையாக வெளிவந்தது.

இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் கேள்விக்கு உலகத்தில் எங்கோ ஒரு சரியான விடை இருக்கிறது. வல்லுநர்கள் அதை ஊகிக்கிறார்கள். ஊகங்கள் நெருங்கி வந்தால், உண்மையை நோக்கி நெருங்குகின்றன என்று நம்ப ஓரளவு இடமுண்டு. ‘நல்ல மனநலச் சேவை எது’ என்ற கேள்வி அந்த வகையைச் சேர்ந்ததல்ல. மருத்துவருக்கு நல்ல சேவை என்று படுவதும், வீட்டில் உடன் இருக்கும் தம்பிக்கு நல்ல சேவை என்று படுவதும் வேறாக இருந்தால், இருவரில் ஒருவர் தவறாக ஊகித்துவிட்டார் என்று பொருள் இல்லை. இருவரும் வெவ்வேறு இடத்திலிருந்து ஒரே சேவையைப் பார்க்கிறார்கள். ஊகங்களைச் சுருக்குவதற்காகச் செய்த கருவியை மதிப்பீடுகளின்மேல் வைக்கும்போது, நாம் சுருக்கிவிடுவது பிழையையா அல்லது ஒரு தரப்பின் குரலையா என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையில் தரப்படும் மனநலச் சேவைக்குத் தரச் சுட்டிகள் தேடிய ஷீல்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2003இல் அதை வெளியிட்டார்கள். அஞ்சல் வழியாக நடந்த டெல்ஃபி அது. 115 பேர் பங்கேற்றார்கள். ஆனால் அவர்களை ஒரே குழுவாகக் கலக்கவில்லை. பொது மருத்துவர்கள் ஒரு குழு, மனநல மருத்துவர்கள் ஒரு குழு, சமூக மனநலச் செவிலியர்கள் ஒரு குழு, உளவியலாளர்கள், ஆலோசகர்கள், சமூகப்பணியாளர்கள், நிதி ஒதுக்கும் அதிகாரிகள், தன்னார்வ அமைப்பினர், நோயர்கள், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தார் உட்பட மொத்தம் பதினொரு குழுக்கள். ஒவ்வொரு குழுவும் தனித்தனியே மதிப்பெண் இட்டது. அளவுகோல் 1 முதல் 9 வரை. ஒரு குழுவின் மதிப்பெண்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் அது 8 அல்லது 9 ஆக இருக்க வேண்டும், குழுவுக்குள் உடன்பாடும் இருக்க வேண்டும். அப்படியானால்தான் அந்தச் சுட்டி அக்குழுவில் தேறும்.

இரண்டாம் சுற்றில் இருந்த சுட்டிகள் 334 வரை. பொது மருத்துவர் குழுவில் தேறியவை 138, அதாவது 41 சதவீதம். குடும்பத்தார் குழுவில் தேறியவை 304, அதாவது 91 சதவீதம். பதினொரு குழுக்களும் ஏற்றுக்கொண்டவை 26 சதவீதம் மட்டுமே.

இந்த மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சேவை ஒன்றுதான், வாக்கியங்களும் அதே வாக்கியங்கள்தான். கேட்கப்படுபவர் மாறும்போது பட்டியல் இரண்டு மடங்குக்கு மேல் நீள்கிறது. குடும்பத்தார் எதைக் காட்டினாலும் ‘வேண்டும்’ என்பார்கள், அவர்களுக்குத் தரம் பிரிக்கத் தெரியவில்லை என்று சிலர் இதற்கு விளக்கம் சொல்லக்கூடும். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றவருக்கு, நெருக்கடி நேரத்துக்கு ஒரு தொலைபேசி எண் இருக்க வேண்டும் என்ற வாக்கியத்தில் 5 போடுவதற்குக் காரணம் இல்லை. மறுபுறம், பொது மருத்துவர்கள் குறைவாகத் தேற்றியதைச் சோம்பல் என்று தள்ளிவிடுவதும் நியாயமல்ல. அந்தப் பட்டியலை வைத்து நாளை அளக்கப்படப்போவது அவர்கள்தான். தம் கையில் இல்லாத ஒன்றுக்குத் தம்மைப் பொறுப்பாக்குவார்களோ என்று அவர்கள் அஞ்சுவதில் பொருள் இருக்கிறது. இரண்டு குழுக்களின் மதிப்பெண்களும் அவரவர் நிலையைச் சரியாகவே சொல்கின்றன. பதினொரு குழுக்களையும் கலந்து ஒரே சராசரி எடுத்திருந்தால் இது எதுவும் நம் கண்ணில் பட்டிருக்காது.

கலப்பதால் வரும் கேட்டை ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. நாற்பது பேர் கொண்ட குழு: இருபது மனநல மருத்துவர்கள், பன்னிரண்டு செவிலியர்களும் உளவியலாளர்களும், நான்கு குடும்பத்தார், சிகிச்சை பெற்ற அனுபவமுள்ள நான்கு பேர். பார்வைக்கு எல்லாத் தரப்பும் இருக்கிறது. 75 சதவீதம் பேர் ஏற்றால் கருத்தொற்றுமை என்று விதி. மருத்துவப் பணியாளர்கள் முப்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேர் ஒரு சுட்டியை ஏற்கிறார்கள். குடும்பத்தாரும் சிகிச்சை பெற்றவர்களும் எட்டுப் பேரும் மறுக்கிறார்கள். நாற்பதில் முப்பத்தொன்று என்றால் 77.5 சதவீதம். சுட்டி தேறிவிடும். அறிக்கையில் ‘நோயர்களும் குடும்பத்தாரும் பங்கேற்ற குழுவின் கருத்தொற்றுமை’ என்று அச்சாகும். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, ஆனால் அந்த எட்டுப் பேர் வந்ததும் வராததும் ஒன்றுதான்.

ஆகவே குழுக்களைத் தனியே வைத்து, ஒவ்வொரு குழுவிலும் தேற வேண்டும் என்று விதி வைப்பதே என் பரிந்துரை. நீண்டகால மனநல விடுதிகளின் தரத்தை அளக்க ஐரோப்பாவின் பத்து நாடுகளில் ஹெலன் கில்லாஸ்பியும் உடன் ஆய்வாளர்களும் செய்த பணியிலும் சிகிச்சை பெறுவோர், பராமரிப்பாளர், பணியாளர், உரிமைக்காகப் பேசுவோர் என நான்கு தரப்பையும் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே கேட்டார்கள். வேலை கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு குழுவுக்கு எட்டு முதல் பத்துப் பேர் போதும். ஷீல்டின் ஆய்விலும் சராசரியாக அவ்வளவே. விதியை முதல் வினாத்தாள் போவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். டெல்ஃபி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கருத்தொற்றுமையைத் தேடிய ஆய்வுகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் கொள்கிறது என்பதையே வரையறுக்கவில்லை என்று கண்டது. எண்கள் வந்த பிறகு விதியை எழுதினால், நமக்குப் பிடித்த பட்டியல் தேறும் இடத்தில் கோடு விழுந்துவிடும்.

இனி வாக்கியங்களுக்கு வருகிறேன். டெல்ஃபியில் முடிவின் பெரும்பகுதி முதல் சுற்றுக்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. பட்டியலில் இல்லாத ஒன்றுக்கு யாரும் மதிப்பெண் போட முடியாது. நூல்களிலிருந்து மட்டும் பட்டியல் தயாரித்தால், பிற நாட்டுச் சேவைகளின் கவலைகள்தாம் அதில் இருக்கும். நம் மாவட்ட மனநலத் திட்டத்தில் மாதம் ஒரு முறை வட்டார மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருந்து வாங்கும் ஒருவரின் முதல் கவலை, போன மாதம் கொடுத்த அதே மாத்திரை இந்த மாதமும் இருக்குமா என்பதாக இருக்கலாம். இங்கிலாந்தின் பட்டியலை மொழிபெயர்த்து வைத்தால் இந்தக் கேள்வி எழவே எழாது. அதனால் பட்டியல் எழுதுமுன் சிகிச்சை பெறுவோரையும் குடும்பத்தாரையும் நேரில் கண்டு, அவர்கள் பேச்சிலிருந்து வாக்கியங்களை எடுக்க வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்திதான் இருக்க வேண்டும். ‘நோயரிடமும் குடும்பத்தாரிடமும் மரியாதையோடு நடந்து, மருந்தின் பக்கவிளைவுகளை விளக்க வேண்டும்’ என்று எழுதினால் அதில் மூன்று செய்திகள் இருக்கின்றன. 7 என்று ஒருவர் போட்டால் அது எதற்கு விழுந்த மதிப்பெண் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு சுட்டியை முழுவதும் பின்தொடர்வோம். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவரை ஏழு நாட்களுக்குள் பின்தொடர வேண்டும் என்பது உலகெங்கும் வழங்கும் சுட்டி. அதற்கு வலுவான காரணம் உண்டு. வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் தற்கொலை ஆபத்து மிகக் கூடுதல் என்பதைப் பிரிட்டனில் பல ஆண்டுகளாக நடக்கும் தற்கொலை விசாரணை ஆய்வு தொடர்ந்து காட்டிவருகிறது. இங்கிலாந்தில் இதற்கு 95 சதவீதம் என்ற இலக்கு வைத்திருந்தார்கள்.

இதை நம் ஊர் மாவட்டக் குழு ஒன்றிடம் வைப்பதாகக் கொள்வோம். மீண்டும் சொல்கிறேன், மதிப்பெண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. சமூக மனநலப் பணியாளர்கள் ஒன்பது பேர். வாக்கியம்: ‘வீடு திரும்பிய நோயர் ஏழு நாட்களுக்குள் பின்தொடரப்பட வேண்டும்’. முதல் சுற்றில் வந்தவை: 2, 3, 3, 5, 7, 8, 8, 9, 9. நடுவில் நிற்பது 7. அதை மட்டும் பார்த்தால் வழக்கமான விதிப்படி சுட்டி தேறிவிட்டது போலத் தெரியும். ஆனால் மூன்று பேர் 1 முதல் 3 வரையிலான கீழ்ப்பகுதியிலும், ஐந்து பேர் 7 முதல் 9 வரையிலான மேல்பகுதியிலும் நிற்கிறார்கள். ரேண்ட் நிறுவனமும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து வகுத்த விதியின்படி, ஒன்பது பேர் குழுவில் இரு முனைகளிலும் மூன்று பேராவது இருந்தால் அது கருத்து வேறுபாடு. சராசரி 6 என்று சொல்லி நடுநிலையாகக் காட்டினால் இன்னும் மோசம். அந்த 6ஐ யாருமே போடவில்லை.

இப்போது செய்ய வேண்டியது, குறைவாகப் போட்டவர்கள் எழுதிய காரணத்தைப் படிப்பது. ஒருவர் எழுதுகிறார்: ‘நோயரை வீட்டுக்கு அனுப்பிய செய்தியே எங்களுக்கு வருவதில்லை, ஏழு நாளில் எப்படிப் பார்ப்பது?’ இன்னொருவர்: ‘நோயர் வருவதில்லை, அண்ணனோ அம்மாவோ வந்து மருந்து வாங்கிப் போகிறார்கள். அதுவும் பின்தொடர்தல் என்று பதிவேட்டில் ஏறுகிறது.’ மூன்றாமவர்: ‘தொலைபேசியில் கூப்பிட்டால் கணக்கில் வருமா?’ இந்த மூவரில் யாரும் பின்தொடர்தல் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாக்கியம் எதை எண்ணுகிறது என்று தெரியாததால் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டாமவர் சொல்வதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நம் மாதாந்திர மருந்து நாட்களில் உறவினர் வந்து வாங்கிப்போவது வழக்கம். அதை ‘நோயர் பார்க்கப்பட்டார்’ என்று எண்ணினால், வீட்டை விட்டு வெளியே வராத நிலையில் இருப்பவர், அதாவது சேவை மிகவும் தேவைப்படுபவர், பதிவேட்டில் தவறாமல் வந்துபோகிறவராக இருப்பார்.

ஆகவே இரண்டாம் சுற்றுக்கு வாக்கியத்தைத் திருத்துகிறோம். பகுதியில், அதாவது கீழே வரும் எண்ணில், அந்த மாவட்டத்து முகவரிக்கு வீடு திரும்பியவர்கள் மட்டும். தொகுதியில், அவர்களுள் ஏழு நாட்களுக்குள் ஒரு மனநலப் பணியாளர் நேரிலோ தொலைபேசியிலோ நோயரிடமே பேசியவர்கள். உறவினரிடம் மட்டும் பேசியிருந்தால் சேராது. வீட்டுக்கு அனுப்பிய செய்தி அன்றே மாவட்டக் குழுவுக்குப் போக வேண்டும் என்பதைத் தனிச் சுட்டியாகப் பிரித்து, அதன் பொறுப்பை மருத்துவமனைமேல் வைக்கிறோம். இரண்டாம் சுற்றில் வருபவை: 3, 6, 7, 7, 8, 8, 8, 9, 9. நடுவில் 8. மேல்பகுதிக்கு வெளியே இருவர் மட்டுமே. அதே விதிப்படி இது உடன்பாடு. 3 போட்டவர் அப்படியே நிற்கிறார். அவருடைய காரணம் அறிக்கையில் இடம்பெற வேண்டும். அவரை 7க்கு நகர்த்த மூன்றாம் சுற்று நடத்துவது தவறு. சுற்றுகளைக் கூட்டக்கூட, கருத்து மாறாமலே சலிப்பினால் மதிப்பெண் மாறத் தொடங்கும்.

இந்தத் திருத்தத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வாக்கியத்தைத் திருத்தியவர் அமைப்பாளர். முதல் சுற்றில் இருந்த வாக்கியமும் இரண்டாம் சுற்றில் இருப்பதும் வேறு வேறு. எனவே ‘கருத்து நெருங்கியது’ என்று எழுதுவதைவிட ‘வாக்கியம் தெளிந்தது’ என்று எழுதுவதே உண்மைக்கு நெருக்கம். எந்தச் சொல் ஏன் மாறியது என்ற குறிப்பைச் சுட்டி ஒன்றுக்கு ஒரு பக்கமாகச் சேர்த்து வைத்தால் பின்னால் வருபவர் சரிபார்க்கலாம். கருத்துகளைத் திருப்பி அனுப்பும்போதும் இதே கவனம் வேண்டும். ‘மனநல மருத்துவர்களின் கருத்து’ என்று தலைப்பிட்டு அனுப்பினால், பெயர் மறைத்ததன் பயன் போய்விடும். பதவி உள்ளே வந்துவிடும். அதே நேரத்தில் பிற குழுக்களின் மதிப்பெண் எப்படிப் பரவியிருக்கிறது என்று தெரியாவிட்டால், பிறர் கண்ணில் எது பெரிதாகத் தெரிகிறது என்பதை யாரும் அறியமாட்டார்கள். மதிப்பெண்ணின் பரவலைக் குழுவாரியாகவும், எழுதிய காரணங்களைத் தரப்பின் பெயரின்றியும் அனுப்புவது எனக்கு நல்ல வழியாகத் தெரிகிறது. ‘இது முக்கியம்’ என்பதைவிட ‘செய்தி வருவதில்லை’ போன்ற காரணம் தரப்பின் பெயர் இல்லாமலே எடை பெறும்.

அடுத்து, நான் மிகவும் கவலைப்படும் இடம். பெரும்பாலான வினாத்தாள்கள் இரண்டு கேள்விகள் கேட்கும்: இது முக்கியமா? இதை நம்மால் அளக்க முடியுமா? இரண்டும் வேண்டிய கேள்விகள்தாம். இரண்டையும் ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டுவதுதான் கேடு. அவேதிஸ் டொனபீடியன் 1966இல் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினார். கட்டமைப்பை எண்ணுவது எளிது: மாவட்டத்துக்கு எத்தனை உளவியலாளர்கள் என்று பணியாளர் பட்டியலைப் பார்த்தே சொல்லிவிடலாம். செயல்முறையைப் பதிவேட்டிலிருந்து ஓரளவு எடுக்கலாம். தன்னை மனிதராக நடத்தினார்களா, வேலைக்குத் திரும்ப முடிந்ததா, தன் சிகிச்சையில் தன்னைக் கேட்டுத்தான் முடிவு செய்தார்களா என்பவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அளக்கும் எளிமையையும் சேர்த்துக் கூட்டினால், ஒவ்வொரு முறையும் கீழே விழுபவை இவைதாம். இவை சிகிச்சை பெறுவோர் மிகுந்த மதிப்பெண் கொடுத்தவையாகவும் இருக்கும்.

இதற்கு வழி, முக்கியம் என்ற மதிப்பெண்ணை வைத்து மட்டும் பட்டியலைத் தேர்வு செய்வது. அளக்கும் எளிமையைத் தேர்ந்தவற்றை இரண்டாகப் பிரிக்கப் பயன்படுத்தலாம். ஒரு பகுதி, இன்றைய பதிவேடுகளைக் கொண்டு இப்போதே அளக்கத் தக்கவை. மறுபகுதி, முக்கியம் என்று எல்லாக் குழுக்களும் சொன்னாலும் அளக்கும் கருவி இன்னும் இல்லாதவை. இரண்டாம் பகுதியைத் தூக்கி எறியாமல், யார் எந்த ஆண்டுக்குள் கருவி செய்ய வேண்டும் என்று எதிரே எழுதி வெளியிட வேண்டும். இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சமூகத்தில் வாழும் உரிமையையும், முன்கூட்டியே சிகிச்சை விருப்பத்தை எழுதி வைக்கும் உரிமையையும் தந்திருக்கிறது. எத்தனை பேர் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள், எழுதி வைத்தது நெருக்கடி நேரத்தில் பின்பற்றப்பட்டதா என்பது இந்த இரண்டாம் பகுதிக்கு ஏற்ற எடுத்துக்காட்டு. பதிவேட்டில் அதற்கு இடமில்லை என்பது, அதைக் கேட்காமல் விடுவதற்குக் காரணமாகக் கூடாது.

பாதியில் விலகுபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு குழுவில் முப்பது பேர். முதல் சுற்றில் பதினெட்டுப் பேர் ஒரு சுட்டியை ஏற்றார்கள், பன்னிரண்டு பேர் மறுத்தார்கள். 60 சதவீதம், தேறவில்லை. இரண்டாம் சுற்றில் எட்டுப் பேர் வினாத்தாளைத் திருப்பி அனுப்பவில்லை. எட்டுப் பேரும் மறுத்தவர்கள். மீதமுள்ள இருபத்திரண்டு பேரில் பதினெட்டுப் பேர் ஏற்கிறார்கள்: ஏறக்குறைய 82 சதவீதம். சுட்டி தேறிவிட்டது, ஆனால் ஒருவர்கூடக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இதைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டாம் சுற்றில் பதில் தந்தவர்களின் பதில்களை மட்டும் எடுத்து முதல் சுற்றின் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். அங்கேயும் 82 வந்தால், மாறியது ஆட்கள்தாம். இந்தக் கணக்கை அறிக்கையில் காட்டாத டெல்ஃபி முடிவை நான் முழுமையாக நம்புவதில்லை.

விலகுபவர்கள் யார் என்பதும் முக்கியம். நூற்றுக்கணக்கான வாக்கியங்களைக் கொண்ட வினாத்தாள் ஒரு பேராசிரியருக்குச் சலிப்பு தரும். மாத்திரையால் மதியம் வரை மயக்கமாக இருக்கும் ஒருவருக்கு அது முடியாத வேலை. சிகிச்சை பெறுவோர் குழுவுக்கு வாக்கியங்களை நாலைந்து அமர்வுகளாகப் பிரிக்க வேண்டும். வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்கு ஒருவர் உடன் அமர்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். அந்த ஒருவர் அவருக்குச் சிகிச்சை தருபவராக இருக்கக் கூடாது. மருந்து எழுதித் தருபவர் முன்னால் அமர்ந்து அவருடைய சேவைக்கு யாரும் 2 போடமாட்டார்கள். ஒன்று முதல் ஒன்பது வரையிலான அளவுகோல் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் ‘வேண்டாம், சொல்லத் தெரியவில்லை, வேண்டும்’ என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லி, பிறகு ஒவ்வொன்றுக்குள்ளும் எவ்வளவு அழுத்தமாக என்று கேட்கலாம். மூன்று பகுதிகளும் 1–3, 4–6, 7–9 என்ற பிரிவுகளோடு பொருந்திவிடும். அன்றைய கூலியை இழந்து வருபவருக்கு அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டும். இடையில் ஒருவருக்கு நோய் கூடினால், அவருடைய முதல் சுற்றுப் பதில்களை என்ன செய்வது என்பதையும் அவரிடமே தொடக்கத்தில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

பட்டியல் கையில் வந்த பிறகும் அது தரச் சுட்டியாகிவிடுவதில்லை. வேண்டியவர்கள் வேண்டும் என்று சொன்னார்கள் என்பதுதான் இதுவரை நிரூபணமானது. அடுத்து இரண்டு மூன்று இடங்களில் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரே கோப்புகளை இருவர் தனித்தனியே படித்து ஒரே எண்ணுக்கு வருகிறார்களா? ஒருவர் 70 சதவீதம் என்றும் மற்றவர் 45 சதவீதம் என்றும் சொன்னால் வாக்கியம் இன்னும் தெளியவில்லை. எல்லா இடங்களிலும் 100 சதவீதம் வந்தால், ஒன்று அது தேவையற்ற சுட்டி, அல்லது பதிவேடு பார்வைக்காக நிரப்பப்படுகிறது. எண்ணிக்கை சிறியதாக இருந்தால் இன்னொரு சிக்கல். ஒரு வட்டாரத்துக்கு மூன்று மாதங்களில் எட்டுப் பேர் வீடு திரும்பினால், ஒருவரைத் தவறவிட்டதற்கே 12.5 புள்ளிகள் விழும். அந்த எண்ணை வைத்து வட்டாரங்களை வரிசைப்படுத்துவது அநியாயம். ஆண்டு முழுவதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வெளியிடும் அறிக்கையில் தேறிய சுட்டிகள் மட்டும் இருந்தால் பாதி வேலைதான் முடிந்தது என்பேன். குழுக்கள் பிரிந்து நின்ற சுட்டிகளைத் தனி அட்டவணையாக, குழுவாரி மதிப்பெண்களோடு வெளியிட வேண்டும். குடும்பத்தார் 9 என்றும் மருத்துவர்கள் 4 என்றும் சொன்ன ஒரு வாக்கியம், நிர்வாகம் முதலில் போய்ப் பேச வேண்டிய இடத்தைக் காட்டுகிறது. ஷீல்டின் ஆய்வில் எல்லாக் குழுக்களிலும் தேறிய 26 சதவீதத்தைப் போலவே, தேறாமல் போனவற்றில் யார் எங்கே பிரிந்தார்கள் என்பதும் எனக்குப் பாடமாக இருந்தது.

ஒவ்வொரு சுட்டிக்கும் எதிரே மறுபார்வை ஆண்டு ஒன்றும் அச்சாக வேண்டும். ஏழு நாள் பின்தொடர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பியவர்களின் தற்கொலைகளை நாள் வாரியாக அடுக்கிப் பார்த்தபோது, முதல் வாரத்துக்குள்ளேயே மூன்றாம் நாளை ஒட்டி அவை மிகுந்திருப்பது தெரிந்தது. ஏழாம் நாளில் போய்ப் பார்த்துவிட்டு இலக்கை எட்டியதாக எழுதிக்கொண்ட குழுக்கள், ஆபத்து மிகுந்த நாட்களைத் தாண்டிய பிறகே கதவைத் தட்டியிருக்கின்றன. 2019-20ஆம் ஆண்டின் ஊக்கத்தொகைத் திட்டத்தில் இங்கிலாந்து அந்தக் கெடுவை 72 மணி நேரமாகக் குறைத்தது. நம் மாவட்டக் குழு ஒன்று நாளை இந்தச் சுட்டியைக் கையில் எடுத்தால், முதல் சுற்று வினாத்தாளில் ஏழு நாள், மூன்று நாள் இரண்டையும் தனித்தனி வாக்கியங்களாக வைத்து, மூன்றாம் நாள் தொடர்பு கொள்ள எத்தனை பணியாளர்கள் வேண்டும் என்ற கணக்கையும் உடன் அனுப்ப வேண்டும்.